குட்டியானையை வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா: ஆறு வண்டிகளின் கணக்கு

2025 செப்டம்பர் மூன்றாவது வாரம். சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 22ஆம் தேதியிலிருந்து 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைகிறது என்று அறிவிப்பு வந்திருந்த நேரம். கோயம்புத்தூரில் சோப்பு, பிஸ்கட், டீத்தூள் விநியோகம் செய்யும் ஒருவர், நான் வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை செய்து தரும் கூட்டு நிறுவனத்தின் மூத்த பங்குதாரர், மகனோடு வந்து உட்கார்ந்தார். கடைகளுக்குச் சரக்கு போடும் ஆறு குட்டியானைகளும் ஓய்ந்துபோய்விட்டன. ஆயுத பூஜைக்குப் புது வண்டிகள் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் இரண்டு தாள் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகச் சொல்லின.

முதல் தாள் மகன் போட்ட கணக்கு. ஒரு வண்டி, கூண்டு பாடி கட்டி, பதிவுச் செலவோடு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 6 லட்சம் ரூபாய். 11 சதவீத வட்டியில் 48 மாதக் கடன் போட்டால் மாதத் தவணை 15,507 ரூபாய். லீஸ் நிறுவனம் கேட்பது மாதம் 17,500. தவணை கம்மி, கடைசியில் வண்டியும் நமக்கு. ஆகவே வாங்கிவிடலாம்.

இரண்டாவது தாள் லீஸ் நிறுவனத்தின் விற்பனையாளர் கொடுத்தது. வாடகை முழுவதும் செலவாகக் கழியும். உங்கள் நிறுவனத்துக்கு வரி 31.2 சதவீதம், அதாவது 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும். ஆகவே 17,500 ரூபாய் வாடகையில் உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது 12,040 ரூபாய்தான். தவணையின் அசல் செலவாகக் கழியாது. 15,507 எங்கே, 12,040 எங்கே? ஆகவே லீஸ்.

"ரெண்டுமே சரியாத்தான் இருக்குங்க ஆடிட்டர் சார், ஆனா ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்?" என்றார் பெரியவர். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டுமே தப்பு. நாங்கள் அன்று சாயங்காலம் வரைக்கும் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். புரிவதற்கு வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

தவணையைக் கணக்கிலிருந்து எடுங்கள்

முதல் வேலையாகத் தவணை என்ற வரியையே அடித்துவிட்டேன். மகனுக்கு அது அதிர்ச்சி. "தவணைதானேங்க நாங்க மாசா மாசம் கட்டப் போறது?"

காரணம் இது. 6 லட்சத்தை இன்றே ரொக்கமாகக் கொடுத்தாலும், கடன் வாங்கி 48 மாதம் கட்டினாலும், வண்டியின் விலை 6 லட்சம்தான். தவணையில் அதற்கு மேல் போவது வட்டி. அந்த வட்டி பணத்தின் வாடகை. எதிர்காலத்துப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர நாம் கழிக்கிற விகிதமே அந்த வட்டிதான். தவணையையும் எழுதி, அதே வட்டியில் கழிக்கவும் செய்தால் சுற்றி வளைத்து கிட்டத்தட்ட அதே 6 லட்சத்தில் வந்து நிற்போம். தவணையை எழுதிவிட்டுக் கழிக்காமல் விட்டால் வட்டியை வண்டியின் தலையில் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். மகன் செய்தது இரண்டாவது.

கழிக்கும் விகிதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட்டியும் செலவாகக் கழிவதால், 11 சதவீதக் கடனின் உண்மையான சுமை, வரிச் சேமிப்பு போக, 11 × 0.688 = 7.57 சதவீதம். லீஸ் என்பதும் ஒருவிதக் கடன்தான். மாதா மாதம் தவறாமல் கட்டியே தீர வேண்டிய கடமை. ஆகவே வரிக்குப் பிந்தைய பணத்தை வரிக்குப் பிந்தைய கடன் செலவில் கழிக்க வேண்டும். பண ஓட்டத்தில் வரியைக் கழித்துவிட்டு, விகிதத்தில் 11 சதவீதத்தையே விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் தள்ளிப் போகிற வாடகைகள் எல்லாம் சுருங்கி, லீஸ் இருப்பதைவிட மலிவாகத் தெரியும்.

ஒரே மாதிரிப் பொருளை ஒப்பிட வேண்டும்

லீஸ் ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப் படித்தேன். 17,500 ரூபாய்க்குள் இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் கம்பெனி சொல்லும் கால இடைவெளியில் செய்யும் சர்வீஸும் அடக்கம். டயர், பேட்டரி, டீசல், டிரைவர் சம்பளம் நம் பொறுப்பு. சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 26,000, சர்வீஸ் 22,000 என்று பழைய பில்களிலிருந்து எடுத்தோம். மொத்தம் 48,000, மாதம் 4,000. அந்தச் செலவும் வாடகையைப் போலவே முழுமையாகக் கழிகிறது. ஆகவே வாடகையிலிருந்து 4,000 ரூபாயை எடுத்துவிட்டு, வெறும் வண்டிக்கான வாடகை 13,500 என்று வைத்துக்கொண்டால் போதும். இரண்டு பக்கமும் ஒரே தரையில் வந்துவிடும்.

ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவர்கள் விற்பது எல்லாம் வரி உள்ள சரக்கு. சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியும், லீஸ் வாடகைக்குக் கட்டிய வரியும் உள்ளீட்டு வரவாக அடுத்த மாதமே திரும்பிவிடும். கார் வாங்கினால் இது கிடைக்காது; சரக்கு வண்டிக்குத் தடை இல்லை. பால், காய்கறி போல வரி இல்லாத பொருளை மட்டும் விநியோகிப்பவராக இருந்தால் கதை வேறு. 18 சதவீதம் இரண்டு பக்கமும் செலவாகிவிடும், எல்லா எண்களையும் திரும்பப் போட வேண்டும்.

தேய்மானம் யாருக்கு?

வாங்கினால் தேய்மானம் நமக்கு. சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு, குறைந்துகொண்டே வரும் மதிப்பில், வருஷம் 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவரின் லாரிக்கு 30 சதவீதம். நம் ஆள் கடைகளுக்குத் தன் சரக்கைத்தான் ஏற்றுகிறார், ஆகவே 15 சதவீதம்தான்.

லீஸ் எடுத்தால் தேய்மானம் லீஸ் கொடுத்தவருக்கு. நமக்கு வாடகை மட்டும். இதில் நிறையப் பேர் குழம்புவது ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து. மோட்டார் வாகனச் சட்டப்படி லீஸுக்கு எடுத்தவர் பெயரிலேயே வண்டி பதிவாகும். "பேர் என்னுது, அப்ப தேய்மானமும் என்னுதுதானே" என்று சொந்தச் சொத்துப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். ஐ.சி.டி.எஸ். லிமிடெட் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவு யார் பெயரில் இருந்தாலும், லீஸ் கொடுத்த நிறுவனமே உரிமையாளர், தேய்மானம் அதற்குத்தான். அதோடு, வண்டிகளை லீஸுக்கு விடுவதும் வாடகைக்கு ஓட்டும் தொழில்தான், ஆகவே உயர்ந்த விகிதம் கிடைக்கும் என்றும் சொன்னது.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் லீஸ் வியாபாரத்தின் உயிர் இருக்கிறது. அதே வண்டிக்கு நாம் 15 சதவீதம் எழுதுகிறோம், லீஸ் நிறுவனம் 30 சதவீதம் எழுதுகிறது. அவர்களுக்கு வரிச் சேமிப்பு சீக்கிரம் வருகிறது. அதில் ஒரு பகுதியை வாடகையைக் குறைத்து நமக்குத் தர அவர்களால் முடியும். தருகிறார்களா என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

ஒன்றைக் கவனித்துப் படிக்க வேண்டும். காலம் முடிந்ததும் ஒரு சின்னத் தொகைக்கு வண்டி உங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது லீஸ் என்ற பெயரில் வந்த தவணை முறைக் கொள்முதல் என்று வரி அதிகாரி சொல்ல இடம் இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை; வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வண்டி எவ்வளவு தரும்?

நாலு வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? இதே மாடலில் நாலு வயதான வண்டிக்கு மூன்று புரோக்கர்களிடம் போனிலேயே விலை கேட்டோம். 2,10,000 முதல் 2,60,000 வரை சொன்னார்கள். 2,36,000 என்று வைத்துக்கொண்டோம்.

இங்கேதான் பெரியவர் இதுவரை யோசித்தே பார்க்காத ஒரு விஷயம் வந்தது. வாங்கும்போது உள்ளீட்டு வரவு எடுத்த வண்டியை விற்கும்போது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். பழைய வண்டிக்கு லாபத்தின் மேல் மட்டும் வரி என்ற சலுகை வரவு எடுக்காதவர்களுக்குத்தான். எடுத்தவர் விற்ற விலைக்கான வரி, அல்லது முன்பு எடுத்த வரவில் காலத்துக்கேற்பக் குறைந்து எஞ்சியிருக்கும் பகுதி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பழைய குட்டியானையை வாங்க வருபவர் பெரும்பாலும் பதிவு இல்லாத காய்கறி வியாபாரியோ, தனியாக வண்டி ஓட்டுபவரோதான். அவர் 2,36,000க்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். ஆகவே வரி அந்தத் தொகைக்குள்ளிருந்தே போகும். 2,36,000ஐ 1.18ஆல் வகுத்தால் 2,00,000. மீதி 36,000 வரி. வாங்கும்போது எடுத்த வரவு 1,08,000. நாலு வருஷத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் எஞ்சும், 21,600. அதிகம் 36,000 என்பதால் அதுவே கட்டவேண்டியது. கையில் நிற்பது 2 லட்சம்.

"ஆறு வண்டிக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வரியே போகுதுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பழைய ஆறு வண்டிகளையும் அவர் இப்போது விற்கப்போகிறார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வருமான வரியில் இன்னொரு சங்கதி. நாலு வருஷத் தேய்மானம் போக வண்டியின் எழுதிய மதிப்பு 3,13,204. அதை 2 லட்சத்துக்கு விற்றால் 1,13,204 நஷ்டம், அந்த வருஷமே கழிக்கலாம் என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்லும். நம் நாட்டில் அப்படி இல்லை. 15 சதவீத வண்டிகள், இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பு, நாம் பிளாக் என்று சொல்வது. விற்ற தொகை அந்தத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும். தொகுப்பில் வேறு வண்டியோ, குடோனில் ஒரு ஜெனரேட்டரோ இருக்கிற வரைக்கும் நஷ்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்த 1,13,204 ரூபாய் தொகுப்புக்குள்ளேயே கிடந்து, வண்டி போன பிறகும் வருஷம் 15 சதவீதமாகக் கரைந்துகொண்டிருக்கும். வால் மாதிரி நீளும் இந்தச் சேமிப்புக்கும் இன்றைக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் வாங்குவது பாவமாகத் தெரியும். முழுத் தொகையையும் ஐந்தாம் வருஷமே கழித்தால் வாங்குவது அதிகமாக ஜொலிக்கும்.

ஒரு வண்டியின் கணக்கு

அக்டோபர் 2025ஐ இன்று என்று வைத்துக்கொண்டோம். வரிச் சேமிப்பு ஒவ்வொரு நிதியாண்டின் முடிவில், மார்ச் முன்வரி கட்டும்போது, கையில் கிடைக்கிறது. ஆகவே முதல் சேமிப்பு ஆறு மாதத்தில் வருகிறது. தேய்மானம் முதல் வருஷம் 90,000, அப்புறம் 76,500, 65,025, 55,271. ஒவ்வொன்றிலும் 31.2 சதவீதம் நம் சேமிப்பு.

விற்பனை விலையை மட்டும் 7.57இல் கழிக்காமல் 12 சதவீதத்தில் கழித்தேன். வாடகையும் தேய்மானமும் கிட்டத்தட்ட நிச்சயம். நாலு வருஷம் கழித்துப் பழைய வண்டிச் சந்தை எப்படி இருக்கும் என்பது நிச்சயமில்லை. மின்சார வண்டிகள் வந்துகொண்டிருக்கிற காலத்தில் டீசல் வண்டியின் விலை இறங்கவும் கூடும். நிச்சயமில்லாத பணத்துக்குக் கடுமையான விகிதம்.

| வாங்கினால் | இன்றைய மதிப்பு, ரூ. |
|---|---|
| வண்டி விலை | 6,00,000 |
| நாலு வருஷத் தேய்மானத்தின் வரிச் சேமிப்பு | – 78,730 |
| விற்ற பிறகும் தொடரும் தேய்மானச் சேமிப்பு | – 18,182 |
| விற்பனைத் தொகை 2,00,000 | – 1,27,104 |
| நிகரச் செலவு | 3,75,984 |

லீஸ் பக்கம் எளிது. மாதம் 13,500, மாதத் தொடக்கத்தில், 48 முறை. முதல் நிதியாண்டில் ஆறு மாத வாடகைதான் கழியும், கடைசி நிதியாண்டில் மீதி ஆறு மாதம். வரிச் சேமிப்பைக் கழித்தால், மாத வாடகையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு வருஷத்துக்கு இன்றைய மதிப்பில் 29.23 ரூபாய் சுமை. 13,500க்கு 3,94,573.

எக்செல்லில் போடுபவர்களுக்கு: ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் வரிக்குப் பிந்தைய தொகை, செலவு கழித்தல் குறியோடு. முதல் வரிசை இன்றைய தேதியாக இருக்க வேண்டும்; 60 என்ற இடத்தில் உங்கள் கடைசி வரிசையின் எண்ணைப் போடுங்கள். விற்பனைத் தொகையைத் தனி வரிசையில் 12 சதவீதத்தில் கழித்துப் போடுங்கள்.

```
=XNPV(0.0757, B2:B60, A2:A60)
=200000/(1+0.12)^4
```

ஆக, வாங்குவது ஒரு வண்டிக்கு 18,589 ரூபாய் மலிவு. மாதக் கணக்கில் சொன்னால் 636 ரூபாய். லீஸ் வாடகை, சர்வீஸ் எல்லாம் சேர்த்து, 17,500க்குப் பதிலாக 16,864 என்றிருந்தால் இரண்டும் சமம். மகனின் தாளில் வித்தியாசம் மாதம் 2,000 ரூபாய் வாங்கும் பக்கம். விற்பனையாளரின் தாளில் 3,500 ரூபாய் லீஸ் பக்கம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே, வாங்கும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

விற்பனையாளர் சொன்னதில் ஒரு உண்மையும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வாடகை வேகமாகக் கழிகிறது, 15 சதவீதத் தேய்மானம் மெதுவாகக் கழிகிறது. வரியே கட்டாத, நஷ்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்துக்கு இதே எண்களை 11 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே வாங்குவது ஏறக்குறைய 59,000 ரூபாய் மலிவு. வரி கட்டுபவருக்கு அந்த இடைவெளி 18,589ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் லாபம் இந்த நாலு வருஷமும் வரி வரம்பில் நிற்குமா என்று பார்க்காமல் பக்கத்துக் கடைக்காரரின் முடிவை எடுத்துக்கொள்ளக்கூடாது. அனுமான வருமான முறையில், அதாவது விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து, வரி கட்டுபவருக்கு வாடகையும் கழியாது, தேய்மானமும் தனியாகக் கழியாது. அவருக்கும் இந்த வரிச் சேமிப்புகள் எல்லாம் பூஜ்யம்.

எந்த எண் தப்பினால் முடிவு மாறும்?

18,589 என்பது 6 லட்சத்தில் மூன்று சதவீதம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பி முடிவெடுப்பதற்கு முன் எந்த எண் இதைக் கவிழ்க்கும் என்று பார்க்க வேண்டும். விலையும் தேய்மானமும் தெரிந்தவை. விற்பனை விலைதான் ஊகம். அதை மட்டும் இறக்கிக்கொண்டே போனோம்.

இறக்கும்போது ஒன்று தெரிந்தது. விற்பனை விலையில் நிகரமாக ஒரு ரூபாய் குறைந்தால் இன்றைய மதிப்பில் நஷ்டம் 47 பைசாதான். 12 சதவீதத்தில் கழித்தால் 64 பைசா இருக்க வேண்டும். ஆனால் குறைவாக விற்றால் தொகுப்பில் அதிகம் மிஞ்சும், அதன் தேய்மானம் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். தொகுப்பு முறை இப்படி ஒரு மெத்தையாக வேலை செய்கிறது. கணக்கு சமமாகும் இடம் நிகரமாக 1,60,857 ரூபாய். வாங்குபவர் கொடுக்கும் விலையாகச் சொன்னால் சுமார் 1,90,000. மூன்று புரோக்கர்களும் சொன்ன குறைந்தபட்ச விலை 2,10,000. அதைவிட இன்னும் 20,000 இறங்கினால்தான் லீஸ் ஜெயிக்கும். பெரியவருக்கு இந்த எண் பிடித்திருந்தது. பழைய வண்டி விலையை அவரால் மனசுக்குள் எடைபோட முடியும். இன்றைய மதிப்பை அப்படி எடைபோட முடியாது.

ஆறும் ஒரே வண்டி இல்லை

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை: மாதம் 2,000 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். விற்பனையாளரின் தாளில் இது இல்லை.

"எந்த வண்டி எவ்வளவு ஓடும்?" என்று கேட்டேன். மகன் டிரைவர்களின் டிரிப் ஷீட் கட்டை எடுத்து வைத்தான். நாலு வண்டிகள் நகரத்துக்குள், காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் பக்கம்; நாளுக்கு 55 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,430. வரம்புக்குள்தான். மற்ற இரண்டும் வெளி லைன், ஒன்று பொள்ளாச்சி, ஒன்று மேட்டுப்பாளையம். நாளுக்கு 90, மாதம் 2,340. வரம்புக்கு மேல் 340 கிலோமீட்டர், 1,360 ரூபாய்.

அந்த இரண்டு வண்டிகளுக்கு வெறும் வாடகை 13,500 இல்லை, 14,860. இன்றைய மதிப்பில் 4,34,000க்கு மேல். அதிகம் ஓடிய வண்டிக்கு விற்பனை விலையும் குறையும் என்பதால் வாங்கும் பக்கத்திலும் நிகரத் தொகையை 1,65,000ஆக இறக்கினேன். செலவு 3,92,605ஆக ஏறியது. அப்படியும் ஒரு வண்டிக்கு 41,700 ரூபாய் வித்தியாசம். இந்த இரண்டையும் வாங்குவதில் விவாதமே இல்லை. ஆறு வண்டிக்கும் ஒரே சராசரி போட்டிருந்தால் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஓட்டத்தைப் பிரித்துப் பார்க்க டிரிப் ஷீட்டைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கணக்குக்குள் வராத ஒரு பக்கம்

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், மிச்சமிருக்கும் வாடகையில் பாதியைக் கட்ட வேண்டும். இது என்னைக் கவலைப்பட வைத்தது. இவருடைய வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே கம்பெனியின் ஏஜென்சி. தொண்ணூறு நாள் நோட்டீஸில் அவர்கள் ஏரியாவைப் பிரித்துவிடலாம். அப்படி நடந்தால் நகரத்து வண்டிகளில் இரண்டு சும்மா நிற்கும். சொந்த வண்டியாக இருந்தால் விற்கலாம், நஷ்டம் சந்தை விலையோடு முடியும். லீஸ் வண்டியாக இருந்தால், இரண்டாம் வருஷ முடிவில் முறித்தால்கூட, 24 மாத வாடகையில் பாதி, வண்டிக்கு 2,10,000 ரூபாய். நாலு வருஷமும் நிச்சயம் ஓடும் என்ற ஊகத்தின் மேல்தான் 636 ரூபாய் வித்தியாசமே நிற்கிறது.

அதை வைத்து லீஸ் நிறுவனத்திடம் பேசச் சொன்னேன். "16,860க்குக் கீழே வந்தா எடுத்துக்கறோம்னு சொல்லுங்க. முறிக்கிற பணத்தையும் கேளுங்க" என்றேன். எந்த எண்ணில் நமக்குச் சமம் என்று தெரிந்துகொண்டு பேசும்போது பேரம் வேறு மாதிரி போகிறது. இரண்டு நாள் இழுத்து 17,000க்கு வந்தார்கள், அதற்குக் கீழே வரமாட்டோம் என்றார்கள். ஆனால் 24 மாதத்துக்குப் பிறகு முறித்தால் மூன்று மாத வாடகை போதும் என்று எழுதித் தரச் சம்மதித்தார்கள்.

17,000இல் லீஸின் கூடுதல் சுமை மாதம் 136 ரூபாய், நாலு வருஷத்துக்கு இன்றைய மதிப்பில் ஒரு வண்டிக்கு 3,975. ஏஜென்சி போனால் மூன்று மாத வாடகையோடு வண்டியைத் திருப்பிவிடலாம் என்ற வசதிக்கு இது நியாயமான விலை என்று எனக்குப் பட்டது. பெரியவர் அன்றிரவே முடிவெடுத்தார். ஏஜென்சியோடு சேர்ந்து போகக்கூடிய இரண்டு நகரத்து வண்டிகள் லீஸில். வெளி லைன் இரண்டும், எப்படியும் ஓடப்போகிற மற்ற இரண்டு நகரத்து வண்டிகளும் சொந்தத்தில்.

அக்டோபர் 3

வாங்கும் நாலு வண்டிகளுக்கும் ஒரு கெடு இருந்தது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட வண்டிக்கு அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான். 2026 மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 180ஆவது நாள் அக்டோபர் 3. ஆயுத பூஜை அக்டோபர் 1, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜயந்தியும். இரண்டு நாளும் விடுமுறை என்பதால் பதிவு செப்டம்பர் 30க்குள் முடிய வேண்டும். பில் தேதி போதாது. வண்டி பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வண்டியும் முதல் நாள் ஏற்றிய சரக்கின் டெலிவரி சலானில் வண்டி எண் எழுதி, அந்த நகலைத் தனி ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

மூன்று வண்டிகள் வந்துவிட்டன. அக்டோபர் 1 காலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மூன்றும் குடோன் வாசலைத் தாண்டின. விஜயதசமி அன்று டீக்கடைக்காரர்களுக்கு டீத்தூள் ஏற்றிய சலான்கள் ஃபைலில் இருக்கின்றன. நாலாவது வண்டிக்குக் கூண்டு பாடி கட்டும் வேலை முடியவில்லை. அக்டோபர் 6இல்தான் ஓடியது.

மகன் போனில் வருத்தப்பட்டான். "45,000 தேய்மானம் போச்சுங்க சார், 14,040 ரூபா வரி கூடுதல்." உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். இந்த வருஷம் எழுதாத 45,000 அடுத்த வருஷத்தின் எழுதிய மதிப்பில் அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷத் தேய்மானம் 76,500க்குப் பதிலாக 83,250. அதற்கடுத்த வருஷங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடும். விற்ற பிறகு தொகுப்பில் மிஞ்சும் தொகையும் கூடும். எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த மூன்று நாள் தாமதத்தின் விலை 4,541 ரூபாய். பாடி கட்டுபவரின் கடைசித் தவணையில் 4,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார் பெரியவர். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.